ரிப்பேர் செலவு எந்தக் கட்டத்தில் போய் உட்கார்ந்தது

நாங்கள் பெங்களூரு அல்சூரில் குடியிருக்கிறோம். ஒயிட்ஃபீல்டுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு ஃப்ளாட் இருக்கிறது. அதை வாடகைக்கு விட்டிருக்கிறேன். மாத வாடகை 30,000 ரூபாய். வங்கிக் கடனில் வாங்கிய வீடு. 2023-24 நிதியாண்டுக்கான வருமான வரி ரிட்டர்னை 2024 ஜூலையில் பழைய வரி முறையில் தாக்கல் செய்தேன். ரீஃபண்டும் வந்துவிட்டது. அதோடு அந்த வருடம் முடிந்தது என்று நினைத்திருந்தேன்.

2025 ஜூன் மாதக் கடைசியில் 143(2) பிரிவின் கீழ் ஒரு நோட்டீஸ் வந்தது. உங்கள் ரிட்டர்ன் ஆய்வுக்கு எடுக்கப்பட்டிருக்கிறது, காரணம் வீட்டு வாடகை வருமானத்தில் கோரிய கழிவுகள் என்று அதில் இருந்தது. ரிட்டர்ன் தாக்கல் செய்த நிதியாண்டு முடிந்து மூன்று மாதத்துக்குள் இந்த நோட்டீஸ் வர வேண்டும் என்பது விதி. என் விஷயத்தில் 2025 ஜூன் 30 கடைசி நாள். சரியாக அதற்குள் வந்திருந்தது. மெயிலில் வந்ததால் முதலில் அது உண்மையானதுதானா என்ற சந்தேகம். வரித்துறை இணையதளத்தின் முகப்பிலேயே நோட்டீஸைச் சரிபார்க்க ஒரு இணைப்பு இருக்கிறது. அதில் நோட்டீஸின் அடையாள எண்ணான DIN-ஐப் போட்டுப் பார்த்தேன். உண்மைதான்.

செப்டம்பரில் 142(1) பிரிவில் கேள்விகள் வந்தன. உள்ளாட்சி அமைப்புக்குக் கட்டிய வரி என்று நான் காட்டியிருந்த 1,62,640 ரூபாய்க்கு ரசீது கேட்டார்கள். கடன் வட்டி 3,63,000 ரூபாய்க்கு வங்கிச் சான்றிதழ் கேட்டதோடு, அந்தக் கடன் எதற்குச் செலவானது என்பதற்கும் ஆதாரம் கேட்டார்கள். வாடகை ஒப்பந்தமும் வேண்டும் என்றார்கள்.

முதல் கேள்வியைப் படித்ததுமே எனக்கு வயிற்றைக் கலக்கியது. என் ஃப்ளாட்டுக்கு வருடக் கந்தாயம், அதாவது சொத்து வரி, 12,640 ரூபாய்தான். 1,62,640 எங்கிருந்து வந்தது?

பழைய ரிட்டர்னை எடுத்துப் பார்த்தபோது புரிந்தது. அந்த வருடம் அக்டோபரில் வீட்டில் பெரிய வேலை நடந்தது. இரண்டு குளியலறையிலும் நீர்க்கசிவு. கீழ் வீட்டுக்காரர் கூரையில் ஈரம் இறங்கிப் புகார் செய்தார். டைல்ஸை உடைத்து, வாட்டர்ப்ரூஃபிங் செய்து, குழாய் மாற்றி, வீடு முழுக்கப் பெயிண்ட் அடித்ததில் ஒன்றரை லட்சம் ஆனது. ரிட்டர்ன் போட்டுத் தந்தவரிடம் அந்த பில்களை எல்லாம் கொடுத்திருந்தேன். ரிட்டர்ன் படிவத்தின் வீட்டு வருமானப் பகுதியில் ரிப்பேர் செலவுக்கு என்று ஒரு கட்டமே கிடையாது. அவர் அந்த ஒன்றரை லட்சத்தை உள்ளாட்சி வரிக் கட்டத்தில் கந்தாயத்தோடு கூட்டிப் போட்டிருந்தார். நானும் கீழே வந்த ரீஃபண்ட் தொகையைத்தான் பார்த்தேனே தவிர, மேலே இருந்த கட்டங்களைப் பார்க்கவில்லை.

படிவத்தில் அந்தக் கட்டம் ஏன் இல்லை என்பதைத்தான் வாடகைக்கு விடும் ஒவ்வொருவரும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். வாடகையில் இருந்து நாம் கட்டிய கந்தாயத்தைக் கழித்தால் வருவது நிகர ஆண்டு மதிப்பு. அதில் 30 சதவீதத்தைச் சட்டமே கழித்துத் தருகிறது. ரிப்பேர், பெயிண்ட், இன்சூரன்ஸ், வாடகை வசூல் செலவு எல்லாம் அந்த 30-க்குள் அடக்கம். ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யாவிட்டாலும் 30 உண்டு. வாடகை முழுவதையும் ரிப்பேரில் கொட்டினாலும் அதே 30-தான். இதற்கு பில் காட்டவும் தேவையில்லை. 2002-03 மதிப்பீட்டு ஆண்டில் இருந்தே இதுதான் நடைமுறை. ஆகவே என் ஒன்றரை லட்சத்தைத் தனியாகக் கழிக்க எந்த வழியும் இல்லை.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற வரி ஆலோசகர் ஒருவர் இருக்கிறார். வேலூர்க்காரர். எண்பதை நெருங்கும் வயது. காகிதங்களை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "தம்பி, இதுல தப்பா இருக்கிறத முதல்ல நீங்களே ஒத்துக்கிட்டு எழுதுங்க. அப்பத்தான் சரியா இருக்கிறத அவங்க நம்புவாங்க. உங்க முகத்த யாரும் பாக்கப் போறதில்ல. உங்க பதில மட்டும்தான் படிப்பாங்க" என்றார்.

அவர் சொன்னது முகமற்ற மதிப்பீட்டு முறையைத்தான். அதிகாரி எந்த ஊரில் இருக்கிறார் என்றே நமக்குத் தெரியாது. எதிரில் உட்கார்ந்து விளக்க முடியாது. அதனால் நம்மைப் பற்றி எதுவுமே தெரியாத ஒருவர் பதிலை முதல் வரியில் இருந்து படித்தாலும் புரிய வேண்டும். கேள்வியை அப்படியே எழுதி, அதன் கீழே பதிலை எழுதி, அதற்கான ஆதாரத்தின் இணைப்பு எண்ணைப் போட்டேன். ரிட்டர்னை அப்போது திருத்தவும் வழியில்லை. திருத்திய ரிட்டர்னுக்கான கெடு முடிந்துவிட்டது. மதிப்பீடு நடந்துகொண்டிருக்கும்போது அந்த ஆண்டுக்குப் புதுப்பித்த ரிட்டர்னும் போட முடியாது. பதிலில் ஒப்புக்கொள்வது ஒன்றே வழி.

இப்படி எழுதினேன்: 1,62,640 ரூபாயில் 12,640 மட்டுமே மாநகராட்சிக்குக் கட்டிய சொத்து வரி. மீதி 1,50,000 வீட்டுப் பராமரிப்புச் செலவு, தவறான கட்டத்தில் சேர்க்கப்பட்டுவிட்டது. அந்தக் கழிவுக் கோரிக்கையைத் திரும்பப் பெறுகிறேன். பராமரிப்பு பில்களும் பணம் கொடுத்த வங்கிக் கணக்கு விவரமும் இணைப்பில் உள்ளன. பில் எதற்கு, அதுதான் கழிவு இல்லையே என்று தோன்றலாம். அந்தச் செலவு நிஜமாகவே நடந்தது, கற்பனையாக ஒரு தொகையை எழுதவில்லை என்று காட்டுவது அபராத விஷயத்தில் முக்கியம். அந்த பில்கள் இன்னொரு வகையிலும் உதவின. அதை வட்டிப் பகுதியில் சொல்கிறேன்.

கந்தாய ரசீதிலும் ஒரு சிக்கல் இருந்தது. பெங்களூரில் பலருக்கும் இருக்கும் சிக்கல்தான். வீட்டை வாங்கி வருடங்கள் ஆகியும் மாநகராட்சியின் சொத்துப் பதிவான காத்தாவை நான் என் பெயருக்கு மாற்றாமல் விட்டிருந்தேன். அப்போதைய பெங்களூரு மாநகராட்சியான பிபிஎம்பியின் ரசீதில் விற்றவரின் பெயரே வந்துகொண்டிருந்தது. ரசீதில் வேறு பெயர் இருந்தால் கழிவை மறுக்க இடம் கொடுத்தது போல் ஆகிவிடும். அதனால் கிரயப் பத்திரத்தை இணைத்து, ரசீதில் உள்ள ஃப்ளாட் எண்ணும் பத்திரத்தில் உள்ள ஃப்ளாட் எண்ணும் ஒன்றே என்று இரண்டு பக்கங்களிலும் கோடு போட்டுக் காட்டினேன். 2023 ஏப்ரலில் என் வங்கிக் கணக்கில் இருந்து அதே தொகை போன வரியையும் காட்டினேன். வரியைக் கட்டுவது வீட்டுக்காரர் பொறுப்பு என்று வாடகை ஒப்பந்தத்தில் இருந்த வரியையும் குறிப்பிட்டேன். குடியிருப்பவர் கட்டினால் நமக்குக் கழிவு கிடையாது.

இங்கே இரண்டு விஷயங்கள். ஏப்ரலில் மொத்தமாகக் கட்டியவர்களுக்கு பிபிஎம்பி 5 சதவீதத் தள்ளுபடி தந்தது. தள்ளுபடி போக உண்மையில் கட்டிய தொகையைத்தான் கேட்க வேண்டும். இரண்டாவது, எந்த வருடத்து வரி என்பதைச் சட்டம் பார்ப்பதில்லை, எந்த வருடம் கட்டினோம் என்பதைத்தான் பார்க்கிறது. 2024-ல் பிபிஎம்பி ஒருமுறைத் தீர்வுத் திட்டம் கொண்டுவந்தபோது எங்கள் அடுக்ககத்தில் ஒருவர் பல வருட பாக்கியை அந்த நவம்பரில் கட்டினார். அந்தப் பாக்கி வரி முழுவதும் அவருக்கு 2024-25 நிதியாண்டு வாடகையில் கழிந்தது. பழைய வருடங்களுக்குப் பிரித்துப் போட வேண்டியதில்லை.

அடுத்தது வட்டி. உண்மையில் சிக்கலே இங்குதான் இருந்தது.

வீட்டுக் கடன் முதலில் ஒரு வங்கியில் இருந்தது. 2023 ஆகஸ்ட் வரை அங்கே கட்டிய வட்டி 1,38,000. வட்டி விகிதம் குறைவாக இருக்கிறதே என்று செப்டம்பரில் வேறொரு வங்கிக்கு மாற்றினேன். மாற்றும்போது டாப்-அப் என்ற கூடுதல் கடனும் சேர்த்து வாங்கினேன். புதிய கடன் மொத்தம் 45 லட்சம். அதில் 37 லட்சத்து 50 ஆயிரம் பழைய வங்கிக்கு நேராகப் போனது. டாப்-அப் 7 லட்சத்து 50 ஆயிரம் என் கணக்குக்கு வந்தது. அதில் 6 லட்சம் மகனின் கல்லூரிச் சேர்க்கைக்குப் போனது. மீதி ஒன்றரை லட்சம்தான் அந்தக் குளியலறை வேலை. செப்டம்பரில் இருந்து மார்ச் வரை புதிய வங்கியில் வட்டி 2,25,000. இரண்டு வங்கிச் சான்றிதழையும் கூட்டி 3,63,000 என்று ரிட்டர்னில் போட்டாயிற்று.

வங்கி தரும் சான்றிதழில் "வீட்டுக் கடன் வட்டி" என்று போட்டிருந்தால் அது முழுவதும் கழிவு என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். வங்கிக்கு அடமானம்தான் கணக்கு. வீட்டை ஈடாக வைத்திருப்பதால் அது வீட்டுக் கடன். வரிச் சட்டத்துக்கு அடமானம் பொருட்டில்லை, பணம் எங்கே போனது என்பதுதான் கணக்கு. வீட்டை வாங்க, கட்ட, பழுது பார்க்க, புதுப்பிக்க, திரும்பக் கட்டப் போன பணத்துக்கு உரிய வட்டிக்குத்தான் 24(b) பிரிவில் கழிவு. மகனின் படிப்புக்குப் போன 6 லட்சத்தின் வட்டி இதில் வராது.

ஆனால் பழுது பார்க்கவும் கடன் வாங்கலாம் என்று சட்டத்திலேயே இருக்கிறதே. ஒன்றரை லட்சம் ரிப்பேர் செலவைக் கழிக்க முடியாது. அதற்காக வாங்கிய கடனின் வட்டியைக் கழிக்கலாம். வேலூர்க்காரர் இதைச் சொன்னபோதுதான் அந்த பில்களின் மதிப்பு எனக்குத் தெரிந்தது. செப்டம்பரில் டாப்-அப் கணக்கில் விழுந்ததும் அக்டோபரில் அதே கணக்கில் இருந்து கான்ட்ராக்டருக்குப் பணம் போனதும் ஒரே வங்கி அறிக்கையில் இருந்தன. பணமாக எடுத்துக் கொடுத்திருந்தால் இதை நிரூபித்திருக்க முடியாது.

புதிய வங்கியில் எல்லாம் ஒரே கடன் கணக்காக இருந்ததால் விகிதப்படி பிரித்தோம். 45 லட்சத்துக்கு 2,25,000 வட்டி என்றால் 6 லட்சத்தின் பங்கு 30,000. அதை விட்டுக்கொடுத்தோம். ஒன்றரை லட்சத்தின் பங்கு 7,500. அது கழிவிலேயே இருந்தது. ஆக, 3,63,000-ல் நான் கேட்டது 3,33,000. டாப்-அப்பைத் தனிக் கடன் கணக்காகத் தரும் வங்கிகள் உண்டு. அப்படி இருந்தால் இந்தப் பிரிப்பு வேலையே வராது. வாங்கும்போதே கேட்டுவிடுவது நல்லது.

இன்னொரு சின்ன விஷயம். சான்றிதழில் என் மனைவி பெயரும் இருந்தது, அவர் இணைக் கடனாளி என்பதால். வீடு என் பெயரில் மட்டுமே இருக்கிறது, மாதத் தவணை என் கணக்கில் இருந்தே போகிறது, மனைவி தன் ரிட்டர்னில் இந்த வட்டியைக் கேட்கவில்லை என்று மூன்று வரி எழுதினேன். அதைப் பற்றி அப்புறம் யாரும் கேட்கவில்லை. வீடு இருவர் பெயரிலும் இருந்திருந்தால் வாடகையையே பங்குப்படி பிரித்துக் காட்ட வேண்டியிருக்கும்.

பதிலை ஏற்றும்போது கவனிக்க வேண்டியது ஒன்று. இணையதளத்தில் Pending Actions என்பதன் கீழ் e-Proceedings-க்குப் போனால் நோட்டீஸ் இருக்கும். பதில் தரும்போது Partial Response, Full Response என்று இரண்டு வழி கேட்கும். முழுப் பதில் என்று கொடுத்துவிட்டால் அந்த நோட்டீஸுக்கு மேற்கொண்டு எதுவும் சேர்க்க முடியாது. என் வங்கி அறிக்கை பெரிய கோப்பாக இருந்து ஏறவே இல்லை. முதலில் பகுதிப் பதிலாகக் கடிதத்தையும் ரசீதுகளையும் ஏற்றிவிட்டு, அறிக்கையில் தேவையான பக்கங்களை மட்டும் பிரித்துச் சின்னதாக்கி அடுத்த நாள் முழுப் பதிலாக முடித்தேன். ஏற்றியதற்கான ஒப்புகையை மறக்காமல் இறக்கி வைத்துக்கொண்டேன்.

சில மாதம் சத்தமே இல்லை. 2026 ஜனவரியில் விளக்கம் கோரும் நோட்டீஸ் வந்தது. இப்படித் தீர்மானிக்க உத்தேசித்திருக்கிறோம், ஏன் கூடாது என்று சொல்லுங்கள் என்பதுதான் அதன் பொருள். ஏழு நாள் அவகாசம்.

கந்தாயம் 12,640-ஐ ஏற்றுக்கொண்டிருந்தார்கள். ரிப்பேர் ஒன்றரை லட்சத்தை வருமானத்தில் சேர்த்துவிட்டார்கள். அது எதிர்பார்த்ததுதான். ஆனால் புதிய வங்கியின் வட்டி 2,25,000 முழுவதையும் மறுத்திருந்தார்கள். 2023-ல் வாங்கிய கடன், அதற்கு முன்பே வாங்கிய வீட்டை வாங்குவதற்கான கடனாக இருக்க முடியாது என்பது அவர்கள் காரணம். கணக்கில் கடைசியில் எனக்கு நஷ்டத்துக்குப் பதில் 1,50,152 ரூபாய் வருமானம் என்று வந்திருந்தது. ரிட்டர்னில் சம்பள வருமானத்தில் இருந்து நான் கழித்திருந்த 2 லட்சம் வீட்டு நஷ்டமும் போய்விட்டது. மொத்தம் 3,50,152 ரூபாய் வருமானம் கூடுகிறது. என் 31.2 சதவீத விகிதத்தில் வரி மட்டும் 1,09,247.

அன்றிரவு தூங்கவில்லை. மறுநாள் காலையில் அந்தக் கணக்கை ஒவ்வொரு வரியாகக் கையால் போட்டுப் பார்த்தேன். 30 சதவீதக் கழிவு என்ற இடத்தில் 59,208 என்று இருந்தது. அது என் பழைய ரிட்டர்னில் இருந்த தொகை. வாடகை 3,60,000-ல் 1,62,640-ஐத் தவறாகக் கழித்தபோது வந்த 1,97,360-க்கு உரிய 30 சதவீதம். இப்போது 12,640 மட்டும் கழித்தால் ஆண்டு மதிப்பு 3,47,360. அதன் 30 சதவீதம் 1,04,208. ஒன்றரை லட்சத்தை மேலே சேர்த்தவர்கள், அதனால் கூட வேண்டிய 45,000 கழிவைக் கீழே தரவில்லை. வேண்டுமென்றே செய்தது என்று நான் நினைக்கவில்லை. மறுக்கும் தொகையைத் தனியாக எடுத்துக் கூட்டும்போது இப்படி விட்டுப்போகும். உள்ளாட்சி வரியில் ஒரு ரூபாயை மறுத்தால் வருமானம் 70 பைசாதான் கூட வேண்டும். இந்த இடத்தை ஒவ்வொருவரும் சரிபார்க்க வேண்டும்.

வட்டிக்கு வேறு பதில். பழைய கடனை அடைக்க வாங்கிய புதிய கடனின் வட்டியும் கழிவுக்கு உரியது என்று நேர்முக வரிகள் வாரியம் 1969-லேயே 28-ஆம் எண் சுற்றறிக்கையில் சொல்லியிருக்கிறது. அந்தச் சுற்றறிக்கையைக் குறிப்பிட்டு, பணம் எப்படிப் போனது என்பதைத் தேதியோடு காட்டினேன். புதிய வங்கியின் கடன் வழங்கல் கடிதத்தில் 37,50,000 பழைய வங்கியின் பெயருக்கே நேராகக் கொடுக்கப்பட்டதாக இருந்தது. பழைய வங்கியின் கணக்கு முடிப்புக் கடிதத்தில் அதே தேதியில் அதே தொகை வரவு. முதல் பதிலில் நான் இந்த இரண்டு கடிதங்களையும் வைக்கவில்லை. வட்டிச் சான்றிதழ் போதும் என்று நினைத்தது என் தவறு. சான்றிதழ் எவ்வளவு வட்டி என்று மட்டுமே சொல்கிறது.

கடைசிப் பக்கத்தில் நான் சரியென்று சொல்லும் கணக்கை முழுதாகப் போட்டேன்:

வாடகை 3,60,000. கந்தாயம் 12,640 போக 3,47,360. அதில் 30 சதவீதமான 1,04,208 போக 2,43,152. வட்டி 3,33,000 போக நஷ்டம் 89,848. ரிட்டர்னில் கழித்தது 2,00,000. ஆகவே கூட வேண்டிய வருமானம் 1,10,152.

பிப்ரவரியில் உத்தரவு வந்தது. 1,10,152 என்றே இருந்தது. வரி 34,367. முன்பு ரீஃபண்டாகப் பெற்றதில் கூடுதலாக வந்த பகுதி இது என்பதால் 234D பிரிவில் மாதம் அரை சதவீத வட்டியும் சேர்ந்தது. ரிப்பேரும் டாப்-அப் வட்டியும் என் தவறு, அந்த வரி நான் கட்ட வேண்டியதுதான்.

உத்தரவோடு கூடவே 270A பிரிவில் அபராத நோட்டீஸும் வந்தது. வருமானத்தைக் குறைத்துக் காட்டியதற்கு, குறைந்த வரியில் 50 சதவீதம் அபராதம். திரித்துக் காட்டியதாகச் சொன்னால் 200 சதவீதம். எனக்கு வந்தது முதல் வகை. அந்த வகைக்கு 270AA பிரிவில் விலக்குக் கேட்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. கோரிக்கை நோட்டீஸில் தந்த காலத்துக்குள் வரியையும் வட்டியையும் முழுதாகக் கட்ட வேண்டும். உத்தரவை எதிர்த்து மேல்முறையீடு செய்யக் கூடாது. உத்தரவு கிடைத்த மாதம் முடிந்து ஒரு மாதத்துக்குள் படிவம் 68-ஐத் தாக்கல் செய்ய வேண்டும். எனக்கு மார்ச் 31 வரை நேரம் இருந்தது. மேல்முறையீட்டில் கேட்க எனக்கு எதுவும் மிச்சமில்லாததால் மார்ச் முதல் வாரத்திலேயே பணத்தைக் கட்டி, செலான் எண்ணோடு படிவத்தைப் போட்டேன். விலக்கு தந்து உத்தரவு பிறகு வந்தது.

இடையில் காத்தாவையும் என் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்தேன். இந்த ஏப்ரலில் கந்தாயம் கட்டியபோது ரசீதில் என் பெயர் வந்தது. அதன் நகலை வேலூர்க்காரரிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஃப்ளாட் எண்ணைச் சரிபார்த்துவிட்டு, "டாப்-அப் கணக்க தனியாப் பிரிச்சுத் தரச் சொல்லி பேங்க்ல கேட்டீங்களா?" என்றார். கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.